நிறுத்தம் எங்கே வர வேண்டும்?

மூன்று நிமிடம் இருபது நொடி ஓடும் வீடியோ அது. பென்ஷன் வாங்குவோர் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை, வங்கி வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே போனில் கொடுப்பது எப்படி என்று விளக்குவது. ஓய்வூதியர் சங்கம் ஒன்றுக்காக நான்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். படப்பிடிப்பு, பின்னணிக் குரல் எல்லாம் குறையில்லாமல் வந்திருந்தன. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு 78 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தாம்மா சொல்லுது. நான் என்ன செய்யணும்னுதான் தெரியல.”

அந்தப் பதிலுக்குப் பிறகு அதே ஸ்கிரிப்ட்டை மூன்று முறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. வயதானவர்களுக்காக எழுதுவது என்றால் நிதானமாகப் பேசுவது, எழுத்தைப் பெரிதாக்குவது, கடினமான சொற்களைக் குறைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நிதானம் என்பது எது, பெரிது என்பது எவ்வளவு, கடினமான சொல் எது என்ற மூன்றிலுமே நான் முதலில் தவறான பதிலை வைத்திருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் திட்டம் 2014 நவம்பரில் வந்தது. தொடக்கத்தில் கைரேகையோ கருவிழியோ பதிய வேண்டியிருந்தது. 2021 நவம்பர் முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி செய்தார்கள். விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு இது பெரிய உதவி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதத்தில் இதைக் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். ஆகவே இந்த வீடியோவைப் பார்ப்பவர் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. ஒரு கவலையோடு பார்க்கிறார்.

பெரியப்பா சொன்னதைக் கேட்டதும் முதலில் செய்தது, எடிட்டரிடம் சொல்லி வீடியோவின் வேகத்தைக் குறைத்ததுதான். முக்கால் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. குரல் இழுபட்டது, ‘திறந்து’ என்பது ‘திறந்ந்து’ என்று ஒலித்தது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, முன்னதே தேவலை என்றார்.

ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் ஆர்தர் விங்ஃபீல்ட் என்ற உளவியல் பேராசிரியரின் ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் முதியவர்களின் கேட்கும் திறனை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். 1999-இல் வெளிவந்த ஆய்வில் அவரும் சகாக்களும் பேச்சை வேண்டுமென்றே வேகப்படுத்தி முதியவர்களைக் கேட்க வைத்தார்கள். பிறகு, சுருக்கியதால் போன நேரத்தை மௌன இடைவெளிகளாகத் திருப்பிச் சேர்த்தார்கள். அந்த இடைவெளிகள் வாக்கியமும் அதன் பகுதிகளும் முடியும் இடங்களில் விழுந்தபோது முதியவர்களின் நினைவில் நின்றது கூடியது. அதே அளவு இடைவெளியைக் கண்ட இடத்தில் போட்டபோது அந்தப் பலன் இல்லை.

அதாவது, வயதானவருக்குத் தேவைப்படுவது இழுத்துச் சொல்லும் சொல் அல்ல. சொல்லி முடித்த பின் அதை மனத்தில் அடுக்கிவைக்கக் கிடைக்கும் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை எடிட்டரால் தர முடியாது. ஸ்கிரிப்ட்டில் வாக்கியம் முடிந்தால்தானே நிறுத்தம் போட இடம் இருக்கும்? என் ஸ்கிரிப்ட்டில் வாக்கியங்கள் முடியவே இல்லை. முதல் வடிவத்தின் தொடக்கத்தை அப்படியே தருகிறேன்:

“உங்கள் திறன்பேசியில் பதிவிறக்கம் செய்யப்பட்ட ஆதார் முக அங்கீகாரச் செயலியை நிறுவிய பின்னர், ஜீவன் பிரமாண் செயலியைத் திறந்து, அதில் தோன்றும் இயக்குநர் அங்கீகாரப் பக்கத்தில் உங்கள் ஆதார் எண்ணையும் கைபேசி எண்ணையும் உள்ளீடு செய்து, பெறப்படும் ஒருமுறை கடவுச்சொல்லைச் சமர்ப்பிக்கவும்.”

முப்பது சொற்கள், பதினாறு நொடி. இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: செய்யப்பட்ட, நிறுவிய, திறந்து, தோன்றும், செய்து, பெறப்படும், சமர்ப்பிக்கவும் என்று ஏழு வினைகள். அவற்றில் முற்றுவினை கடைசியில் வரும் ஒன்றுதான். மற்ற ஆறும் பெயரெச்சமும் வினையெச்சமும். நம் மொழியின் இயல்பு இது. வினை கடைசியில் வரும். எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். காகிதத்தில் படிக்கும்போது கண் பின்னால் போய் வரும், சிரமமில்லை. காதால் கேட்கும்போது முற்றுவினை வரும்வரை முன்னால் வந்த அத்தனையையும் தலையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். இளையவர்கள் ஏந்திக்கொள்கிறார்கள். வயது ஏற ஏற இப்படி ஒரே நேரத்தில் பலவற்றைப் பிடித்து வைத்திருக்கும் திறன் குறைகிறது. பெரியப்பாவின் அறிவுக்கு ஒன்றும் குறைவில்லை. பழைய தபால் விதிகளை இன்றும் எண் பிசகாமல் சொல்வார். நான் அவர் கையில் ஏழு பாத்திரங்களை ஒரே நேரத்தில் அடுக்கிக் கொடுத்திருந்தேன்.

எனவே திருத்தத்தின் முதல் வேலை எச்சங்களை முற்றுகளாக்குவது. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். ‘திறந்து, எழுதி, அழுத்தவும்’ என்பது ‘திறங்கள். எழுதுங்கள். அழுத்துங்கள்’ என்று ஆகும். எழுத்தாளருக்கு இது கொஞ்சம் வலிக்கும், நடை துண்டு துண்டாகத் தெரியும். ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் கேட்பவருக்கு ஒரு இறக்கிவைக்கும் மேடை என்று நினைத்துக்கொண்டால் வலி போய்விடும்.

வாக்கியத்தைக் குட்டையாக்கினால் மட்டும் போதுமா என்றால், இல்லை. இதை கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் சூசன் கெம்பர் சோதித்திருக்கிறார். வயதானவர்களிடம் பேசும்போது பலரும் தம்மை அறியாமல் குழந்தையிடம் பேசுவது போலக் குரலை உயர்த்தி, ராகம் போட்டு, இழுத்துப் பேசுவதுண்டு. அதில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்று அவரும் சகாவும் 1999-இல் பிரித்துப் பார்த்தார்கள். குரலை உயர்த்துவதும் இழுப்பதும் உதவவில்லை. வாக்கியத்தை வெறுமனே குட்டையாக்குவதும் உதவவில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடைபட்ட வாக்கியங்களைப் பிரிப்பதும், விளக்கமாக ஒரு வார்த்தை கூடச் சொல்வதும் உதவின. கடைசியில் சொன்னதுதான் எனக்குப் புதிது. எளிமைப்படுத்துவது என்றால் வெட்டுவது என்றே நினைத்திருந்தேன். சில இடங்களில் சேர்க்க வேண்டும்.

எங்கே சேர்ப்பது? பார்ப்பவர் தடுமாறும் இடத்தில். இந்த வேலையில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, AadhaarFaceRD என்ற ஆப். முகத்தைச் சரிபார்ப்பது அதன் வேலை. ஆண்ட்ராய்டு போனில் அதை இன்ஸ்டால் செய்த பிறகும் மற்ற ஆப்களைப் போல அதன் சின்னம் திரையில் தெரியாது. உள்ளே இருக்கும், தேவைப்படும்போது தானாக மேலே வரும். பெரியப்பா அதைத் தேடித் தேடி, இன்ஸ்டால் ஆகவில்லை என்று முடிவு செய்து மறுபடி ப்ளே ஸ்டோருக்குப் போனார். என் முதல் ஸ்கிரிப்ட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

இன்னொன்று, ‘ஆபரேட்டர்’. ஜீவன் பிரமாண் ஆப் முதலில் போனை இயக்குபவரின் ஆதார் எண்ணையும் முகத்தையும் கேட்கும். அதற்குப் பிறகுதான் ஓய்வூதியரின் விவரமும் முகமும். ஒரு மையத்தில் ஒருவர் பலருக்குச் செய்து தருவதையும் மனத்தில் வைத்து அமைத்த ஏற்பாடு அது. வீட்டில் தனக்குத் தானே செய்துகொள்பவருக்கு இரண்டும் அவரேதான். இது தெரியாமல் பெரியப்பா, “ஆபரேட்டர்னா யாரு? நம்ம பையன் வரணுமா?” என்று கேட்டார். அதைத் தாண்டி வந்தவர்கள் இரண்டாம் தடவை முகம் கேட்டதும், முதல் தடவை சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று பயந்து வெளியே வந்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து இரண்டே வாக்கியம்: “இந்த ஆப் உங்கள் முகத்தை இரண்டு தடவை பார்க்கும். முதல் தடவை போனை வைத்திருப்பவராக, இரண்டாம் தடவை பென்ஷன் வாங்குபவராக.”

திருத்திய தொடக்கம் இப்படி வந்தது. அடைப்புக்குள் இருப்பது குரல் கொடுப்பவருக்கான குறிப்பு.

“உங்கள் போனில் இரண்டு ஆப் வேண்டும். முதல் ஆப்பின் பெயர் AadhaarFaceRD. உங்கள் முகத்தைப் பார்த்து, ‘இவர்தான் அவர்’ என்று உறுதிசெய்வது இதன் வேலை. (2 நொடி) இதை இன்ஸ்டால் செய்த பிறகும் போனில் இதன் படம் தெரியாது. அது சரிதான். தேட வேண்டாம். தேவைப்படும்போது தானாக வரும். (3 நொடி) இரண்டாவது ஆப்பின் பெயர் Jeevan Pramaan. சான்றிதழை அனுப்புவது இந்த ஆப்தான். இதன் படம் போனில் தெரியும். இதைத்தான் நீங்கள் திறக்க வேண்டும். (3 நொடி) இரண்டு ஆப்பும் போனில் இருக்கிறதா? இருந்தால் அடுத்த வீடியோவைப் பாருங்கள்.”

பழைய வடிவம் பதினாறு நொடியில் ஓடிபி வரைக்கும் போய்விட்டது. இது ஐம்பது நொடிக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஆப் இரண்டையும் அறிமுகம் செய்வதோடு நிற்கிறது. குரல் கொடுத்தவர் தம் வழக்கமான வேகத்தில்தான் பேசினார்.

‘அடுத்த வீடியோ’ என்பதையும் கவனித்திருப்பீர்கள். எழுதும்போது எனக்கு உறைக்காத ஒன்று, வீடியோவைப் பார்ப்பதும் அதே போன், வேலையைச் செய்வதும் அதே போன் என்பது. வீடியோ ஓடும்போது ஆப்பைத் திறந்தால் வீடியோ போய்விடும். திரும்பி வருவது எப்படி என்று தெரியாது. ஆகவே ஒரே வீடியோவை நான்காக உடைத்தோம்: ஆப் இரண்டையும் வைத்துக்கொள்வது, ஆபரேட்டர் பகுதி, பென்ஷன் விவரம் நிரப்புவது, முகம் காட்டுவது. ஒவ்வொன்றும் கையில் ஒரு வேலையோடு முடியும். மூன்றாவதின் தொடக்கத்தில் மட்டும், “பிபிஓ நம்பரையும் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி சும்மா இருக்கிறது. எழுந்துபோய் எடுத்துவர அது போதாது. போதாது என்று தெரிந்ததும் அவர்களே நிறுத்திக்கொள்கிறார்கள்.

சொற்களின் கதை வேறு. ‘கடினமான சொல்’ என்றால் ஆங்கிலச் சொல் என்று நினைத்து நான் திறன்பேசி, பதிவிறக்கம், ஒருமுறை கடவுச்சொல், சமர்ப்பி என்று எழுதியிருந்தேன். தமிழ் மீது எனக்குள்ள பற்று குறைந்துவிடவில்லை. ஆனாலும் பெரியப்பாவுக்கு ஓடிபி என்றால் உடனே தெரிகிறது, கேஸ் சிலிண்டர் வாங்கும்போதெல்லாம் சொல்கிறார். ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்றதும் அது வேறெதுவோ என்று நினைத்தார். ‘லைஃப் சர்டிபிகேட்’, ‘பிபிஓ நம்பர்’, ‘ஃபேமிலி பென்ஷன்’ எல்லாம் அவர் வாழ்நாள் முழுக்கப் புழங்கிய சொற்கள். அவற்றை மாற்றினால் அவருக்குத் தெரிந்ததையும் தெரியாததாக்குகிறோம்.

பட்டனில் Submit என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்போது குரல் ‘சமர்ப்பி’ என்று சொன்னால், பார்ப்பவர் திரையில் தமிழில் தேடுவார். ஆகவே திரையில் எது இருக்கிறதோ அதையே சொல்லி, அதன் இடத்தையும் சொல்ல வேண்டும்: “கீழே Submit என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடுங்கள்.” ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாதவருக்காக அந்தப் பட்டனைத் திரையில் பெரிதாக்கி, நான்கு நொடி அசையாமல் காட்ட வேண்டும். மறுபக்கம், ‘அங்கீகாரம்’, ‘சரிபார்ப்பு’, ‘பயோமெட்ரிக்’ மூன்றும் ஒரே காரியத்துக்கு மாறி மாறி வந்திருந்தன. பள்ளியில் சொன்னதையே சொல்லாதே என்று கற்றுக்கொடுத்த பழக்கம். இங்கே அது கேடு. மூன்றையும் எடுத்துவிட்டு ‘முகம் காட்டுவது’ என்று ஒன்றையே கடைசி வரை வைத்தேன்.

ஓடிபி வரும் இடத்தில் இன்னொரு வாக்கியமும் சேர்த்தேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று இவர்களுக்கு எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது நியாயமும்கூட. லைஃப் சர்டிபிகேட் பெயரைச் சொல்லியே போனில் ஏமாற்றுபவர்கள் உண்டு. அதனால் இங்கே ஓடிபி கேட்டதும் தயங்குகிறார்கள். “உங்கள் கையால் இந்த ஆப்பில் எழுதலாம். போனில் கூப்பிட்டு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.”

இனி எழுத்தின் அளவு. கணினித் திரையில் பார்க்கும்போது என் எழுத்துகள் பெரிதாகத்தான் இருந்தன. சாதாரண போனின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அகலவாக்கில் எடுத்த வீடியோவை, போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் படத்தின் உயரம் 4 சென்டிமீட்டர்கூட வராது. அதில் 1080 புள்ளி வரிசைகள். நான் வைத்த எழுத்தின் உயரம் 60 புள்ளி. கணக்குப் போட்டால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்டச் செய்தித்தாள் எழுத்து. செய்தித்தாள் அசையாமல் இருக்கும், வெயிலில் வைத்துப் படிக்கலாம். வீடியோ எழுத்து நகர்ந்துவிடும்.

போனைப் படுக்கவைத்துப் பாருங்கள் என்று சொல்லலாம்தான்; திரை சுழல்வதைப் பூட்டி வைத்திருக்கும் போன்களில் அது நடக்காது. யோசித்தால், நாங்கள் காட்டும் ஆப்பின் திரையே நெட்டுவாக்கில்தான் இருக்கிறது! அதை அகல வீடியோவின் நடுவில் ஒட்டி, இரண்டு பக்கமும் அலங்காரம் போட்டிருந்தோம். நெட்டுவாக்கில் எடுத்ததும் அதே 1080 புள்ளி 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. எழுத்தை 85 புள்ளியாக்கினோம். போனில் ஐந்தரை மில்லிமீட்டர் வந்தது. ஆனால் அந்த அளவில் ஒரு வரிக்குப் பதினொன்று, பன்னிரண்டு எழுத்துக்கு மேல் பிடிக்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘பதிவிறக்கம்’ ஒன்றே வரியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே திரையில் வாக்கியம் போடுவதையே விட்டோம். ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்பது குரலில். திரையில் ‘கண் சிமிட்டு’ என்று இரண்டு சொல். குரலில் வராத சொல் எதுவும் திரையில் வரக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தோம். காது ஒன்றையும் கண் ஒன்றையும் பின்பற்ற வேண்டி வந்தால் இரண்டும் தவறிப்போகும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் அளவுகோல், வாய்விட்டு நிதானமாக இரண்டு தடவை படித்து முடிக்கும் நேரம்.

எழுத்துருவில் ஒரு எச்சரிக்கை. மெல்லிய கோட்டெழுத்து, வாட்ஸ்அப்பில் இரண்டு முறை அனுப்பப்பட்டதும் கரைந்துவிடும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். மிகத் தடித்த எழுத்தில் ‘இ’, ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். நடுத்தரத் தடிமன் நல்லது. அறுபது வயதில் விழித்திரையை அடையும் வெளிச்சம், இருபது வயதில் அடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாவை சுருங்கி, வில்லையும் மஞ்சளாகிவிடுகிறது. எனவே சாம்பல் மேல் வெள்ளை, பச்சை மேல் நீலம் என்பதெல்லாம் வேண்டாம். அடர் கறுப்பு மேல் வெள்ளை போதும். பின்னணி இசையை முழுக்க எடுத்துவிட்டோம். வயதில் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். ச, ஸ, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுபவை அவைதான். அந்த இடத்தில் வீணையும் சேர்ந்தால் சொல்லுக்குப் பதில் முனகல்தான் கேட்கும்.

திருத்தியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “புரிந்ததா?” என்று கேட்கக் கூடாது. கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று, புரிந்தது என்றே சொல்வார்கள். வீடியோவைக் காட்டி, போனைக் கையில் கொடுத்து, நாம் கைகட்டி உட்கார வேண்டும். விரல் எங்கே தயங்கி அந்தரத்தில் நிற்கிறதோ அங்கே ஸ்கிரிப்ட்டில் ஓட்டை. பெரியம்மாவின் அக்காவுக்கு 83 வயது, ஃபேமிலி பென்ஷன் வாங்குபவர். பென்ஷன் வகை கேட்கும் இடத்தில் அவர் விரல் நின்றது. கணவர் பெயரில் வரும் பென்ஷன் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் சொல்லவே இல்லை. முன்னுரையில் ‘அன்பான தாத்தா, பாட்டிகளே’ என்று இருந்ததையும் அவர்தான் நீக்கச் சொன்னார். “நான் உனக்குப் பாட்டி. ஊருக்கெல்லாமா பாட்டி?” அதன் பிறகு ‘நீங்கள்’ மட்டும்தான்.

முகம் காட்டும் கடைசிப் பகுதியில் வார்த்தையால் தீர்க்க முடியாத சிக்கல்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு, கேமரா ஏற்காது. கை நடுங்கினால் வட்டத்துக்குள் முகம் நிற்காது. இதில் சிலவற்றுக்கு வழி சொல்லலாம்: ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூன்று தடவை ஏற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல வேண்டும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு இதைச் செய்து தருகிறார். இந்த வாக்கியத்தைப் பெரியப்பா கொஞ்சம் பெருமையோடு கேட்டார்.

முடிந்தது என்பதற்கு அடையாளத்தையும் ஸ்கிரிப்ட் சொல்லியாக வேண்டும். முகத்தைக் காட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் போனை மூடிவிடுகிறார்கள். பிரமாண் ஐடி என்ற எண் திரையிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வந்தால்தான் சான்றிதழ் உருவானதாக அர்த்தம். அதற்குப் பிறகும் பிபிஓ நம்பரில் ஒரு எண் பிசகியிருந்தால் பென்ஷன் வழங்கும் அலுவலகம் அதை நிராகரிக்கலாம். எனவே நான்காவது வீடியோ, அந்த எண்ணை நோட்டில் எழுதச் சொல்லி, எண் எப்படி இருக்கும் என்று முழுத்திரையில் எட்டு நொடி காட்டிவிட்டு முடிகிறது.

ஒரு சிரமம் மட்டும் தீரவில்லை. ஆப் புதுப்பிக்கப்படும்போது பட்டன் இடம் மாறும். “கீழே இருக்கும்” என்று சொன்னது மேலே போய்விடும். அதனால் குரல், திரைப்பதிவு, எழுத்து மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். இடம் சொல்லும் வாக்கியங்களைத் தனியாகப் பதிவு செய்ததால், மாறினால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஊருக்குப் போய், 83 வயதுக்காரரின் போனில் நான்கையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அவருக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்; மற்றவர்களுக்கு அனுப்ப இன்னும் ஒரு மாதம் இருக்கும்.